இச்சல்கரஞ்சி லோடும் ஈரோடு பில்லும்

திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்றிலிருந்து இரவு எட்டு மணிக்குப் போன் வந்தது. பேசியவர் சங்ககிரியில் மூன்று லாரி வைத்திருப்பவர். லோடு ஏறி முடிந்து, தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சார், லோடு மகாராஷ்டிராவுல இச்சல்கரஞ்சிக்குப் போகுதுங்க. பில்லுல ஐ.ஜி.எஸ்.டி. போடலைங்க. சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி.ன்னு ரெண்டாப் பிரிச்சுப் போட்டிருக்காங்க. பார்ட்டி பேரும் ஈரோடு பேரா இருக்குது. ஓசூர் தாண்டினா பிடிச்சுருவானுங்களே, வண்டிய எடுக்கலாமுங்களா?”

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் வரி இரண்டாகப் பிரியும், மாநிலம் தாண்டினால் ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒரே வரி வரும் என்பது லாரித் தொழிலில் எல்லோரும் அறிந்த பாடம். ஆனால் அவர் கையிலிருந்த பில் சரியானது. பில்லில் தவறில்லாமலும் அந்த லாரி மாட்டியிருக்கக்கூடும் என்பதுதான் விஷயம். கூடவே கொடுத்திருந்த ஈ-வே பில் வேறொரு பில்லை வைத்துப் போடப்பட்டிருந்தது. அதை அவர் கவனித்திருக்கவில்லை.

லாரிக்காரர்கள் பெரும்பாலும் இரண்டு தாளையும் வாங்கி மடித்து டிரைவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். “மில்லுக்காரங்க போட்டுக் கொடுத்தது, நமக்கென்ன தெரியும்” என்பதே பதில். வழியில் நிறுத்தப்படுவதோ மில் அல்ல, லாரி. எனவே இந்த ஒரு லோடை வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று பார்த்துவிடலாம். தொகைகளைக் கணக்குக்கு வசதியாக முழு எண்களாக்கியிருக்கிறேன்.

பில் யாருடையது, சரக்கு யாருக்கு

சரக்கு, பருத்தி நூல். ஐம்பது கிலோ மூட்டை 200. மொத்தம் 10,000 கிலோ. மில் அதைக் கிலோ 240 ரூபாய்க்கு ஈரோட்டு நூல் வியாபாரிக்கு விற்கிறது. வியாபாரி அதே நூலை 245 ரூபாய்க்கு இச்சல்கரஞ்சியில் விசைத்தறி வைத்திருப்பவருக்கு விற்றுவிட்டார். நூலை ஈரோட்டில் இறக்கி ஏற்றினால் கூலியும் வாடகையும் வீண் என்பதால், “நேரா அங்கே அனுப்பிடுங்க” என்று மில்லுக்குச் சொல்லிவிட்டார். நூல் சந்தையில் தினமும் நடக்கும் வியாபாரம் இது.

லாரி ஒன்று, பயணமும் ஒன்று. விற்பனை மட்டும் இரண்டு. ஆகவே பில்லும் இரண்டு. மில் ஈரோட்டுக்காரருக்குப் போடும் பில்லில் சரக்கு மதிப்பு 24,00,000 ரூபாய். பருத்தி நூலுக்கு வரி 5 சதவீதம். அது சி.ஜி.எஸ்.டி. 60,000, எஸ்.ஜி.எஸ்.டி. 60,000 என்று பிரிந்து, மொத்தம் 25,20,000 ஆகிறது. ஈரோட்டுக்காரர் இச்சல்கரஞ்சிக்காரருக்குப் போடும் பில்லில் மதிப்பு 24,50,000, ஐ.ஜி.எஸ்.டி. 1,22,500, மொத்தம் 25,72,500.

மில் பில்லில் வரி ஏன் இரண்டாகப் பிரிந்தது? ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 10(1)(பி) பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. வாங்கியவர் சொன்னபடி சரக்கை மூன்றாம் நபர் ஒருவருக்கு அனுப்பினால், அனுப்பச் சொன்னவரே சரக்கைப் பெற்றுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அவருடைய முதன்மைத் தொழிலிடம் எங்கே இருக்கிறதோ அதுதான் அந்த விற்பனைக்கான இடம். மில்லும் தமிழ்நாடு, ஈரோட்டுக்காரரும் தமிழ்நாடு. அதனால் சரக்கு மகாராஷ்டிரா போனாலும் அந்த விற்பனை தமிழ்நாட்டுக்குள் நடந்ததாகவே கணக்கு.

பில்லில் இதைக் காட்டும் கட்டம் Place of Supply. அதில் ‘33 தமிழ்நாடு’ என்று இருக்கும். அதைச் சரிபார்க்க அதிகம் படிக்க வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. எண் பதினைந்து இலக்கம். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29, மகாராஷ்டிராவுக்கு 27. அடுத்த பத்தும் பான் எண். பில் போட்டவர் எண்ணும் 33-இல் தொடங்கி, Bill To என்ற கட்டத்தில் இருப்பவர் எண்ணும் 33-இல் தொடங்கினால், இது போன்ற உள்நாட்டுச் சரக்கு வியாபாரத்தில் வரி இரண்டாகப் பிரிந்திருப்பது சரி. ஒன்று 33, மற்றது 27 என்றால் ஐ.ஜி.எஸ்.டி. இருக்க வேண்டும். Ship To கட்டத்தில் இருக்கும் இச்சல்கரஞ்சி முகவரி சரக்கை எங்கே இறக்குவது என்பதை மட்டும் சொல்கிறது. வரியை அது முடிவு செய்வதில்லை. சங்ககிரிக்காரர் குழம்பியது இங்கேதான். இறக்கும் இடத்தைப் பார்த்து வரியை யோசித்தார்.

பில்லில் மற்ற கட்டங்களை வேகமாகக் கடந்துவிடலாம். பில் எண் பதினாறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. தேதி, சரக்கின் பெயர், எச்.எஸ்.என். குறியீடு, எடை, விலை, வரி, கையெழுத்து எல்லாம் இருக்கும். பருத்தி நூலின் குறியீடு 5205. பில்லில் இருக்கும் மூட்டைக் கணக்கு லாரியில் ஏறிய மூட்டைக்குச் சரியாக இருக்கிறதா என்று எண்ணுவது லாரிக்காரர் வேலை. மூன்று பிரதியில் இரண்டாவது, டிரான்ஸ்போர்ட்டருக்கு உரியது. அதைக் கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு.

ஒரு கட்டத்தை மட்டும் தாண்டக் கூடாது. ஆண்டு வியாபாரம் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் ஈ-இன்வாய்ஸ் போட வேண்டும். அந்தப் பில்லில் 64 எழுத்துகொண்ட ஐ.ஆர்.என். எண்ணும் சதுரமான கியூ.ஆர். குறியீடும் இருக்கும். ஒரு லோடே 25 லட்சம் போகும் மில் இந்த வரம்புக்குள் வராமல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஈ-இன்வாய்ஸ் போட வேண்டிய நிறுவனம் அது இல்லாமல் கொடுக்கும் தாளைச் சட்டம் பில்லாகவே ஏற்பதில்லை. கியூ.ஆர். இல்லாத பில்லை நீட்டினால் அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

ஒரே லாரி, எந்தப் பில்?

இனி ஈ-வே பில். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் தாண்டும் சரக்குக்கு இது நடைமுறையில் இருக்கிறது. வரியோடு சேர்த்து மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் போட வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு அந்த வரம்பு ஒரு லட்சம்.

அச்செடுத்த தாளின் மேல்பகுதியில் பன்னிரண்டு இலக்க எண், போட்ட தேதி, போட்டவர், எதுவரை செல்லும், தோராய தூரம் ஆகியவை இருக்கும். அதற்குக் கீழே Document Details என்றொரு வரி. எந்தப் பில்லை வைத்து இந்த ஈ-வே பில் போடப்பட்டது என்று சொல்லும் வரி அதுதான். நான் சங்ககிரிக்காரரிடம் அந்த வரியைப் படிக்கச் சொன்னேன். படித்தார். “சரி, இப்ப பில் நம்பரைப் படிங்க” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “வேற வேறயா இருக்குதுங்க சார்” என்றார்.

இரண்டு விற்பனை இருந்தாலும் லாரிப் பயணம் ஒன்றுதான் என்பதால் ஈ-வே பில்லும் ஒன்று போதும் என்று மத்திய அரசு 2018 ஏப்ரல் 23-ஆம் தேதி செய்திக் குறிப்பில் தெளிவுபடுத்தியது. அதை மில்லும் போடலாம், ஈரோட்டுக்காரரும் போடலாம். யார் போடுகிறார் என்பதைப் பொறுத்துக் கட்டங்கள் மாறும்.

மில் போட்டால் Bill From மில், Dispatch From மில், Bill To ஈரோட்டுக்காரர், Ship To இச்சல்கரஞ்சி. பில் எண் மில்லுடையது, மதிப்பு 25,20,000. ஈரோட்டுக்காரர் போட்டால் Bill From-இல் அவர் பெயர் வரும். Dispatch From-இல் திண்டுக்கல் மில்லின் முகவரி வரும். Bill To, Ship To இரண்டிலும் இச்சல்கரஞ்சிக்காரர். பில் எண் ஈரோட்டுக்காரருடையது, மதிப்பு 25,72,500. எப்படிப் போட்டாலும் கிளம்பும் இடம் திண்டுக்கல், இறக்கும் இடம் இச்சல்கரஞ்சி. இந்த இரண்டு கட்டமும் லாரி உண்மையில் ஓடும் பாதையைச் சொல்பவை. இதில் எதிலாவது ஈரோடு என்று இருந்தால் ஈ-வே பில் தவறு.

அன்று நடந்தது இதுதான். ஈரோட்டுக்காரர் தன் பில்லை வைத்து ஈ-வே பில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மில்லோ வழக்கம்போலத் தன் பில்லை டிரைவரிடம் கொடுத்தது. தனித்தனியாக இரண்டு தாளும் சரி. ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. வழியில் ஓர் அதிகாரி பன்னிரண்டு இலக்க எண்ணைத் தட்டினால் திரையில் வேறு பில் எண், வேறு விற்பவர், வேறு தொகை வரும். கையில் இருக்கும் பில்லுக்கு ஈ-வே பில்லே இல்லை என்று அவர் எழுதலாம்.

நூல் வியாபாரத்தில் இது அடிக்கடி நடக்கக் காரணம் உண்டு. மில் விலை என்ன என்று இச்சல்கரஞ்சிக்காரருக்குத் தெரியக் கூடாது என்பதில் ஈரோட்டுக்காரர் கவனமாக இருப்பார். கிலோவுக்கு ஐந்து ரூபாய்தான் அவர் பிழைப்பு. அதனால் தன் பில்லே லாரியோடு போக வேண்டும் என்று விரும்புவார். அதில் தவறில்லை. அப்படியானால் ஈ-வே பில் எந்தப் பில்லை வைத்துப் போடப்பட்டதோ அந்தப் பில் டிரைவர் கையில் இருக்க வேண்டும். அன்று ஈரோட்டுக்காரரின் பில்லைப் போனுக்கு வரவழைத்து, மில் அலுவலகத்திலேயே அச்செடுத்துக் கொடுத்தார்கள். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

பில்லை மாற்ற முடியாத நிலை என்றால் ஈ-வே பில்லை மாற்ற வேண்டும். பார்ட்-ஏ என்ற மேல்பகுதியை ஒருமுறை போட்டபின் திருத்த முடியாது. போட்டவரே 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடலாம். வழியில் ஓர் அதிகாரி அதைச் சோதித்துப் பதிந்துவிட்டால் ரத்து செய்யவும் வழியில்லை. ஆகவே தார்ப்பாய் கட்டுவதற்கு முன்பே பில் எண், தேதி, இரு தரப்பு ஜி.எஸ்.டி. எண், மொத்தத் தொகை ஆகியவற்றை இரண்டு தாளிலும் விரல் வைத்து ஒப்பிட்டுவிட வேண்டும்.

லாரிக்காரரின் பகுதி

ஈ-வே பில்லில் லாரிக்காரருக்கே உரிய பகுதி பார்ட்-பி. லாரி எண் அதில்தான் ஏறும். அந்த எண் ஏறாதவரை, பார்ட்-ஏ மட்டும் நிரம்பிய ஈ-வே பில்லுடன் இச்சல்கரஞ்சி போன்ற தூரப் பயணம் கிளம்பக் கூடாது. மில்லிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் அதே மாநிலத்தில் இருக்கும் டிரான்ஸ்போர்ட் குடோனுக்குச் சரக்கு போகும்போது மட்டும் பார்ட்-பி தேவையில்லை. அங்கிருந்து பெரிய லாரி கிளம்பும்போது கட்டாயம் வேண்டும்.

பார்ட்-பிக்கு மேலே Transporter ID என்றொரு கட்டம் இருக்கிறது. மில்காரர்கள் இதைப் பல நேரம் காலியாக விட்டுவிடுவார்கள். லாரி எண்ணைத் தாங்களே போட்டுவிட்டதால் அது தேவையில்லை என்று நினைப்பு. அதைக் கேட்டுப் போட வைப்பது லாரிக்காரர் தனக்குச் செய்துகொள்ளும் பெரிய நன்மை. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த எண்ணையே கொடுக்கலாம். இல்லாதவர்கள் ஈ-வே பில் தளத்தில் பதிந்து பதினைந்து இலக்க எண் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் நம் எண் இருந்தால், வழியில் லாரி மாற்றவும் காலக்கெடுவை நீட்டவும் நாமே தளத்துக்குள் போய்ச் செய்யலாம். காலியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இரவு மில் கணக்காளரைத் தேட வேண்டியிருக்கும்.

காலக்கெடுவை இந்த லோடை வைத்தே கணக்கிடுவோம். இரண்டு பின்கோடுக்கும் இடையே தளம் காட்டிய தூரம் 1,010 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2021 ஜனவரி 1 முதல் சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அதற்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் இருந்தது. 1,000 கிலோமீட்டருக்கு ஐந்து நாள், மிச்சமிருக்கும் பத்துக்கும் ஒரு முழு நாள். ஆக ஆறு நாள். திங்கள் மாலை ஆறு மணிக்குப் பார்ட்-பி ஏறினால், முதல் நாள் என்பது செவ்வாய் நள்ளிரவில் முடியும். அப்படியே எண்ணிக்கொண்டு வந்தால் ஞாயிறு நள்ளிரவு வரை செல்லும்.

மணி ஓடத் தொடங்குவது லாரி கிளம்பும் நேரத்திலிருந்து அல்ல, முதல் முறை பார்ட்-பி ஏறிய நேரத்திலிருந்து. மில்லில் நூல் கட்டு தயாராகவில்லை என்று லாரி இரண்டு நாள் வாசலில் நிற்பது புதிதல்ல. வண்டி வந்ததுமே அலுவலகத்தில் லாரி எண்ணைப் போட்டுவிட்டால் அந்த இரண்டு நாளும் கெடுவிலிருந்து போய்விடும். லோடு ஏறி முடியும் நேரத்தில் பார்ட்-பி போடச் சொல்ல வேண்டும்.

ஹூப்ளி தாண்டி அச்சு முறிந்து லாரி நின்றுவிட்டது என்றால் இரண்டு வழி. அதே லாரியைச் சரிசெய்து ஓட்டினால் எதையும் மாற்ற வேண்டாம். சரக்கை உள்ளூர் லாரிக்கு மாற்றினால், அது நகர்வதற்கு முன் புதிய லாரி எண், மாற்றிய ஊர், காரணம் மூன்றையும் பார்ட்-பியில் ஏற்ற வேண்டும். லாரி மாறியதால் கெடு நீளாது. கெடுவை நீட்டத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான நேரம் கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பு தொடங்கி, முடிந்து எட்டு மணி நேரம் வரை. நம் லோடுக்கு ஞாயிறு மாலை நான்கு மணி முதல் திங்கள் காலை எட்டு மணி வரை. அந்த நேரத்தில் லாரி நிற்கும் ஊர், பின்கோடு, மீதி தூரம், தாமதத்துக்குக் காரணம் ஆகியவற்றைக் கொடுத்தால் மீதி தூரத்துக்கு ஏற்பக் கெடு நீளும். திங்கள் காலை எட்டைத் தாண்டிவிட்டால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது.

நிறுத்தினால்

எல்லாத் தவறும் ஒரே எடை அல்ல. இதைத் தெரிந்துகொள்ளாததால்தான் சாலையோரத்தில் தேவையில்லாத பயமும் தேவையில்லாத பணமும் கைமாறுகின்றன. மத்திய மறைமுக வரி வாரியம் 2018 செப்டம்பர் 14-ஆம் தேதி வெளியிட்ட 64-ஆம் எண் சுற்றறிக்கை சிறு பிழைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. ஜி.எஸ்.டி. எண் சரியாக இருந்து பெயரில் எழுத்துப்பிழை, லாரி எண்ணிலோ பில் எண்ணிலோ ஓரிரு இலக்கம் மாறியது, முகவரி சரியாக இருந்து பின்கோடு தவறியது போன்றவை அதில் வரும். பின்கோடு பிழைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பிழையால் கெடு நாள் கூடியிருக்கக் கூடாது. இவற்றுக்குச் சரக்கைப் பிடித்துவைக்கும் நடவடிக்கை கூடாது. மொத்தம் 1,000 ரூபாய் அபராதம் போதும் என்கிறது சுற்றறிக்கை. இதன் ஒரு பிரதியை ஒவ்வொரு லாரியிலும் வைத்திருக்கலாம்.

நம் லோடில் இருந்த தவறு அந்தப் பட்டியலில் அடங்காது. அங்கே ஓரிரு இலக்கம் மாறவில்லை, பில்லே வேறு. அப்படிப் பிடித்தால் சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-ஆம் பிரிவு. சரக்கின் உரிமையாளர் முன்வந்தால் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. மில் பில்லின் வரி 1,20,000, அபராதம் 2,40,000. உரிமையாளர் வராவிட்டால், சரக்கு மதிப்பில் பாதி அல்லது வரியின் இரண்டு மடங்கு, இதில் எது அதிகமோ அது. 24 லட்சத்தில் பாதி 12 லட்சம். உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு 2018 டிசம்பர் 31-ஆம் தேதியிட்ட 76-ஆம் எண் சுற்றறிக்கை பதில் சொல்கிறது. சரக்கோடு பில் இருந்தால், அனுப்பியவரையோ பெறுபவரையோ உரிமையாளராகக் கொள்ள வேண்டும். முறையான பில் லாரியில் இருப்பது 2,40,000-க்கும் 12,00,000-க்கும் நடுவே நிற்கிறது.

கெடு முடிந்தது என்ற ஒன்றையே வைத்து வரி ஏய்ப்பு என்று முடிவுகட்ட முடியாது என்பதற்குத் தெலங்கானா வழக்கு ஒன்று உண்டு. மறியலில் சிக்கித் தாமதமான காகிதச் சரக்கைப் பிடித்து, வரியும் அபராதமுமாக 69,000 ரூபாய் வாங்கினார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன உயர் நீதிமன்றம் 10,000 ரூபாய் வழக்குச் செலவும் விதித்தது. அரசுத் தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2022 ஜனவரியில் மனுவைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம் செலவில் மேலும் 59,000 ரூபாயைச் சேர்த்தது. இதை நம்பிக் கெடு முடிந்த தாளோடு ஓட்டச் சொல்ல மாட்டேன். மறியலோ வெள்ளமோ வண்டியை நிறுத்தினால் தேதி தெரிய ஒரு படம் எடுத்து வைப்பதும், எட்டு மணி நேர அவகாசத்துக்குள் நீட்டுவதும்தான் வழி.

நிறுத்திய அதிகாரி முதலில் டிரைவரிடம் MOV-01 என்ற படிவத்தில் வாக்குமூலம் வாங்குவார். எங்கிருந்து எங்கே, யார் சரக்கு, என்ன தாள் இருக்கிறது என்பவை அதில் பதிவாகும். படித்துப் பார்க்காமலோ, மொழி புரியாமலோ, வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போட்டால் பிறகு அதை மாற்றுவது கடினம். போனில் உரிமையாளரிடம் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். முப்பது நிமிடத்துக்கு மேல் நிறுத்திவைத்தால் தளத்தில் EWB-04 படிவத்தில் லாரிக்காரர் அதைப் பதிவு செய்யலாம். பிடித்துவைத்தால் ஏழு நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். நோட்டீஸ் கொடுத்த ஏழு நாளுக்குள் உத்தரவு வர வேண்டும்.

சங்ககிரிக்காரர் கடைசியாகக் கேட்டது லாரியைப் பற்றி. மில்லும் வியாபாரியும் அபராதம் யார் கட்டுவது என்று மாதக்கணக்கில் சண்டை போட்டால் தவணை கட்ட வேண்டிய வண்டி அங்கேயே நிற்குமா என்றார். 2022 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதற்கு வழி வைத்திருக்கிறது. உத்தரவு கிடைத்துப் பதினைந்து நாளுக்குள் அபராதம் கட்டப்படாவிட்டால் சரக்கை விற்கும் அதிகாரம் துறைக்கு வருகிறது. ஆனால் அபராதத் தொகை அல்லது ஒரு லட்சம் ரூபாய், இதில் எது குறைவோ அதை லாரிக்காரர் கட்டினால் வண்டியை விட்டுவிட வேண்டும். சரக்குக்கு 12 லட்சம் போட்டிருந்தாலும் லாரிக்கு ஒரு லட்சம்தான் உச்சம். அந்த ஒரு லட்சத்தை மில்லிடமிருந்தா வியாபாரியிடமிருந்தா திரும்ப வாங்குவது என்பதை, எல்.ஆர். போடும்போதே எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.